ரகோனி வரைபடத்தில் நேரத்தைத் தேடுங்கள்

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. அப்படியானால் 900 வாட் சுமையை இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. உண்மையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் அதே லேபிளில் சின்ன எழுத்தில் ‘சி20’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 150 என்பது, பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. அதாவது ஏழரை ஆம்பியர், சுமார் 90 வாட். ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் மட்டும் ஓடும் வீட்டின் கணக்கு அது.

அவசரப்படுத்தினால் பேட்டரி கொடுப்பது குறையும். ஈய-அமில பேட்டரியில் இது எப்படிக் குறைகிறது என்பதற்கு பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897லேயே ஒரு சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார். அதைப் போட்டுப் பார்த்தால், நம் டியூபுலர் பேட்டரியிலிருந்து 350 வாட் எடுக்கும்போது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். 850 வாட் எடுத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1800 வாட்-மணி முதலில் சுமார் 1150 ஆகி, பிறகு 850 ஆகிவிட்டது. மிச்சம் எங்கும் ஒழுகிப் போய்விடவில்லை. அதில் ஒரு பகுதி உள்தடையில் சூடாகிறது. பெரும்பகுதி தகடுகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அமிலம் அவ்வளவு வேகமாகத் தகட்டின் உள்ளே ஊறிப் போக முடிவதில்லை. சுமையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் விட்டால் பேட்டரி ‘உயிர் பிடித்து’ மறுபடி கொஞ்சம் தருவது அதனால்தான்.

இந்த மூன்று அளவுகளையும் பேட்டரியின் எடையால் வகுத்துவிடுவோம். எடை சுமார் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவாக எடுத்தால் ஒரு கிலோவுக்கு 30 வாட்-மணி ஆற்றல், ஆனால் வெறும் 1.5 வாட் திறன். நடுத்தரமாக எடுத்தால் 19 வாட்-மணி, 6 வாட். அவசரமாக எடுத்தால் 14 வாட்-மணி, 14 வாட். ஒரு தாளில் கிடைக்கோட்டில் ஆற்றலையும் நிமிர்கோட்டில் திறனையும் குறித்து, இந்த மூன்று புள்ளிகளையும் வைத்து இணைத்தால் ஒரு வளைகோடு வரும். கீழே வலப்பக்கம் தொடங்கி, மேலே போகப் போக இடப்பக்கம் சாயும். அதுதான் ரகோனி வரைபடம். உலகத்து பேட்டரி ஆய்வுக் கட்டுரைகளில் பாதியாவது இந்தப் படத்தை ஏதோ ஒரு வடிவில் போட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

டேவிட் ரகோனி ஓர் அமெரிக்க உலோகவியலாளர். பேட்டரி ஆராய்ச்சிக்காக அவர் இதை வரையவில்லை, கார்களுக்காக வரைந்தார். 1960களில் அமெரிக்க நகரங்களின் மீது வாகனப் புகை கவிந்திருந்த காலம். பெட்ரோல் காருக்குப் பதில் மின்சாரக் கார் சாத்தியமா என்று அரசும் தொழில்துறையும் கேட்டுக்கொண்டிருந்தன. 1968ல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு அவர் எழுதிய கட்டுரையில், மின்சார வாகனங்களுக்கான பேட்டரி வகைகளை இப்படி ஒரே படத்தில் ஒப்பிட்டார். கார் ஓட்டுபவருக்குக் கேள்வி இரண்டுதான்: எவ்வளவு தூரம் போகும், மேட்டில் ஏறுமா? முதல் கேள்விக்கு ஆற்றல் பதில் சொல்லும், இரண்டாவதற்குத் திறன். இரண்டையும் ஒரு கிலோ பேட்டரிக்கு என்று கேட்டால், அந்த பேட்டரியையும் சுமந்துகொண்டுதானே வண்டி ஓட வேண்டும் என்ற சங்கடமும் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

படத்தைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அச்சுகள். இரண்டும் மடக்கை அளவில் இருக்கும். ஒரு கட்டம் நகர்ந்தால் 1, 2, 3 என்று கூடாது. 1, 10, 100 என்று பத்து மடங்காகப் பெருகும். பழைய ஈய-அமிலத்தையும் புதிய லித்தியத்தையும் ஒரே தாளில் அடக்க வேறு வழியில்லை. ஆனால் கண் ஏமாறும் இடமும் இதுதான். படத்தில் விரற்கடை தூரத்தில் இருக்கும் இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே உண்மையில் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம். சிலர் அச்சுகளை மாற்றிப் போடுவார்கள். எது ஆற்றல், எது திறன் என்று பார்த்துவிட்டே மேலே படிக்க வேண்டும்.

அடுத்தது, பலரும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடும் சாய்கோடுகள். என் பார்வையில் படத்தின் உயிரே இவற்றில்தான் இருக்கிறது. வாட்-மணியை வாட்டால் வகுத்தால் மிஞ்சுவது மணி, அதாவது நேரம். ஒரு கிலோவில் 100 வாட்-மணி வைத்துக்கொண்டு 100 வாட் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் தீரும். பத்துக்குப் பத்து என்றாலும் அதே ஒரு மணி நேரம்தான். இப்படி ஒரே நேரத்தில் தீரும் புள்ளிகளையெல்லாம் சேர்த்தால், மடக்கைத் தாளில் இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் நோக்கி ஒரு நேர்கோடு வரும். ஒரு மணி நேரக் கோட்டுக்கு ஒரு கட்டம் மேலே ஆறு நிமிடக் கோடு, இன்னொரு கட்டம் மேலே 36 விநாடிக் கோடு. கீழே போனால் பத்து மணி நேரம். நம் இன்வெர்ட்டரின் மூன்றாவது புள்ளி, 14க்கு 14, சரியாக ஒரு மணி நேரக் கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஒரு வண்டிக்கு பேட்டரி தேர்ந்தெடுக்கும் பொறியாளர் படத்தைப் படிக்கத் தொடங்குவது இந்தக் கோடுகளிலிருந்துதான். ஒரு மின்சார ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். 3 கிலோவாட்-மணி ஆற்றல் வேண்டும், மேட்டில் ஏற 6 கிலோவாட் திறன் வேண்டும் என்று வைப்போம். மூன்றை ஆறால் வகுத்தால் அரை மணி. ஆகவே படத்தில் அரை மணி நேரச் சாய்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பேட்டரியின் வளைகோடும் அதை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் போதும். வெட்டும் இடத்தில் இருக்கும் வாட்-மணியால் 3000ஐ வகுத்தால் எடை வந்துவிடும். வண்டிகளுக்கென்று செய்த ஈய-அமில பேட்டரி அரை மணி நேரக் கோட்டில் கிலோவுக்கு 20 வாட்-மணி அளவில் நிற்கும். எடை 150 கிலோ. ஓட்டுபவரையும் பின்னால் உட்காருபவரையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. லித்தியம் கலம் அதே கோட்டில் 200க்கு மேல் நிற்பதால் 15 கிலோவுக்குள் முடிந்துவிடும். பெட்டி, கம்பி, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சேர்ந்து 20 கிலோவை ஒட்டி வரலாம். சூப்பர் கெப்பாசிட்டர் என்னும் மீமின்தேக்கி கிலோவுக்கு 6 வாட்-மணிதான் கொள்ளும். அரை டன் ஏற்ற வேண்டும்.

இப்போது தேவையை மாற்றிப் பார்ப்போம். ஒரு பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது என்ஜினுக்குக் கைகொடுக்க 30 கிலோவாட், ஐந்து விநாடி மட்டும் வேண்டும். மொத்த ஆற்றல் 42 வாட-மணி; ஒரு மடிக்கணினி பேட்டரி அளவுதான். ஆனால் நேரக்கோடு அரை மணியிலிருந்து ஐந்து விநாடிக்குத் தாவிவிட்டது, படத்தின் மேல்முனைக்கு. தூரம் போவதற்கென்று செய்த லித்தியம் கலம் கிலோவுக்கு 400 வாட்டுக்குச் சற்று மேல்தான் கொடுக்கும் என்பதால் 70 கிலோ வைக்க வேண்டும். அதற்குள் தேவையைப் போல நானூறு மடங்கு ஆற்றல் சும்மா கிடக்கும். மீமின்தேக்கியில் பத்து கிலோ போதும். முன்பு அரை டன் கேட்ட அதே பொருள்தான். 2006ல் ஷாங்காய் நகரில் மீமின்தேக்கிப் பேருந்துகளை ஓடவிட்டபோது, நிறுத்தங்களிலேயே ஆள் ஏறி இறங்கும் நேரத்தில் மின்னேற்றம் செய்யும்படி வைத்ததற்குக் காரணம் இதுதான். அடுத்த நிறுத்தங்களுக்குப் போகும் அளவுக்குத்தான் ஆற்றல் கொள்ளும். ஆனால் நொடியில் வாங்கி நொடியில் கொடுக்கும்.

கார்களிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டொயோட்டா பிரியஸ் மூன்றாம் தலைமுறையில் 1.3 கிலோவாட்-மணி நிக்கல் பேட்டரி 27 கிலோவாட் வரை கொடுத்தது. வகுத்தால் மூன்று நிமிடம். முதல் நிசான் லீஃபில் 24 கிலோவாட்-மணி, 80 கிலோவாட் மோட்டார். வகுத்தால் 18 நிமிடம். பிரியஸ் பேட்டரி பிரேக் போடும்போது வாங்கி, வண்டி கிளம்பும்போது கொடுத்துவிடும். பெட்ரோல்தான் அதன் சேமிப்பு. லீஃபுக்கு பேட்டரியே சேமிப்பு. இரண்டையும் ‘பேட்டரி கார்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் படத்தில் வெவ்வேறு நேரக் கோடுகளில் வாழ்பவை.

இனி வளைகோடு ஏன் வளைகிறது என்ற கேள்விக்கு வருவோம். வேதியியல்தான் காரணம் என்று நினைப்போம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, உள்ளே இருக்கும் படலங்களின் தடிமன்.

டார்ச்சிலும் மடிக்கணினியிலும் வருகிற 18650 என்ற உருளைக் கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், 45 கிராமை ஒட்டிய எடை. இதே அளவில் இரண்டு வகை விற்கிறது. மடிக்கணினிக்கான கலத்தில் சுமார் 3.35 ஆம்பியர்-மணி இருக்கும். கிலோவுக்கு 250 வாட்-மணி. அதிலிருந்து ஐந்தாறு ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. கம்பியில்லாத துளைப்பானுக்கான கலத்தில் 2.5 ஆம்பியர்-மணிதான், கிலோவுக்கு 200 வாட்-மணி. ஆனால் 20 ஆம்பியர் தொடர்ந்து எடுக்கலாம். இரண்டிலும் லித்தியம், இரண்டிலும் கிராஃபைட், வெளித்தோற்றம் ஒன்றே.

பிரித்துப் பார்த்தால்தான் ரகசியம் தெரியும். (வீட்டில் பிரித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.) உள்ளே ஒரு நீளமான செப்புத் தகடும் ஓர் அலுமினியத் தகடும் பாய் சுருட்டியதுபோல் சுருண்டிருக்கும். காகிதத்தைவிட மெல்லிய அந்தத் தகடுகளின் மேல் ஆற்றலைச் சேமிக்கும் பொடி பூசப்பட்டிருக்கும். மடிக்கணினிக் கலத்தில் பூச்சு தடிமன். துளைப்பான் கலத்தில் ஏறக்குறைய பாதி. பூச்சு மெலிந்தால் அதே உருளைக்குள் அதிக நீளத் தகட்டைச் சுருட்ட வேண்டிவரும். செம்பும் அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்துமே தவிர ஒரு துளியும் சேமிக்காது. கல்யாணப் பந்தியில் இலை வரிசைகளுக்கு நடுவே பரிமாறுபவர்கள் நடக்க விடும் இடைவெளி போலத்தான் இது. இடைவெளியைக் கூட்டினால் சாம்பார் எல்லோருக்கும் சீக்கிரம் வந்து சேரும். ஆனால் கூடத்தில் போடும் இலைகளின் எண்ணிக்கை குறையும்.

தடிமனுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. லித்தியம் அயனிகள் பூச்சின் துளைகள் வழியே உள்ளே ஊர்ந்து போக வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் எடுக்கும் நேரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். அதனால் தடித்த பூச்சில் மெதுவாக எடுக்கும்போது எல்லா ஆற்றலும் வரும். வேகமாக எடுத்தால் தகட்டை ஒட்டிய ஆழமான பகுதி வேலைக்கே வராமல் நின்றுவிடும். கலத்தின் மின்னழுத்தம் குறைந்து, வெட்டு எல்லையைத் தொட்டு, ‘தீர்ந்தது’ என்று கருவி நிறுத்திவிடும். வளைகோடு இடப்பக்கம் சரியும் இடம் அதுதான். துளைப்பான் கலத்தின் கோடு 20 ஆம்பியரிலும் கிலோவுக்கு சுமார் 1450 வாட் கொடுத்துக்கொண்டு, 170 வாட்-மணியில் இன்னும் நிமிர்ந்து நிற்கும். மடிக்கணினிக் கலத்தின் கோடு அந்த உயரத்துக்கு வருவதே இல்லை. இரண்டு கோடுகளும் நடுவில் ஓரிடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே ஒருவர் உசத்தி, மேலே மற்றவர்.

ஆகவே ‘லித்தியம்’, ‘நிக்கல்’, ‘ஈயம்’ என்று வண்ண வண்ணமாக மேகங்கள் வரைந்திருக்கும் படங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. மேகத்துக்குள் இருப்பது ஒரு பேட்டரி அல்ல. அந்த வேதியியலில் யாரோ எதற்காகவோ செய்த நூறு பேட்டரிகள். எல்லாம் ஒரே நேரத்தில் எல்லாமாக இருக்க முடியாது. ஒரு தனிக் கலத்துக்கு ஒரு கோடுதான். அந்தக் கோட்டைப் பெறும் முறையும் எளியது: முழுதாக மின்னேற்றிய கலத்தை மாறாத திறனில் வெட்டு எல்லை வரை காலி செய்து ஒரு புள்ளி, மறுபடி ஏற்றி அடுத்த திறனில் அடுத்த புள்ளி. பெரும்பாலும் 25 பாகை வெப்பநிலையில், புதுக் கலத்தை வைத்து அளப்பார்கள். குளிரிலும், பழசான பிறகும் கோடு கீழே இடப்பக்கம் சுருங்கும்.

இனி ஏமாற்றங்கள். விளம்பரத்தில் அதிகம் காண்பது, இரண்டு வேறு சோதனைகளின் சிறந்த எண்களை ஒரே புள்ளியில் ஒட்டிவிடுவது. ஆற்றலை 20 மணி நேரத்தில் மெதுவாக அளந்திருப்பார்கள். திறனை இரண்டு விநாடித் துடிப்பில் அளந்திருப்பார்கள். ‘கிலோவுக்கு 250 வாட்-மணி, 2000 வாட்’ என்று அட்டையில் வரும். படத்தில் வைத்தால் வலமேல் மூலையில் ராஜா மாதிரி உட்காரும். கண்டுபிடிப்பது சுலபம்: வகுத்துப் பாருங்கள். 250ஐ 2000ஆல் வகுத்தால் ஏழரை நிமிடம். இந்தக் கலத்தை ஏழரை நிமிடத்தில் முழுதாகக் காலி செய்ய முடியுமா என்று தரவுத்தாளில் தேடினால், அனுமதிக்கப்பட்ட தொடர் மின்னோட்டம் அதில் கால்பங்குகூட இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அந்தப் புள்ளியில் எந்தப் பேட்டரியும் இல்லை.

சற்று முன் நானே வகுத்துக் காட்டிய பிரியஸ் கணக்கும் அந்த வகையில் பெயர்ப்பலகைக் கணக்குதான். அந்த பேட்டரியை யாரும் மூன்று நிமிடத்தில் முழுதாகக் காலி செய்வதில்லை. ஆயுள் நீடிக்க, அதன் கொள்ளளவில் நடுப்பகுதியை மட்டுமே கார் பயன்படுத்துகிறது. எந்த நேரக் கோட்டை ஒட்டி வாழ்கிறது என்று காட்ட அது போதும், எடை போட அது போதாது.

மீமின்தேக்கிக்காரர்களின் தந்திரம் வேறு. ஒரு மூலத்திலிருந்து எடுக்கக்கூடிய உச்சத் திறன், வெளிச்சுமையின் தடையும் உள்தடையும் சமமாக இருக்கும்போது வரும் என்பது பாடப்புத்தகச் செய்தி. 3000 ஃபாரட், 2.7 வோல்ட் உள்ள, அரை கிலோ எடையுள்ள ஒரு மீமின்தேக்கிக்கு அப்படிக் கணக்குப் போட்டால் கிலோவுக்கு 12,000 வாட் வரும். ஆனால் தடைகள் சமம் என்றால் பாதி ஆற்றல் உள்ளேயே சூடாகிறது என்று பொருள். அந்த நிலையில் யாரும் அதை ஓட்ட மாட்டார்கள். ஓட்டக்கூடிய எண் அதில் பாதியோ அதற்கும் கீழோ.

ஆய்வகக் கட்டுரைகளில் எடையில் விளையாட்டு நடக்கும். பூச்சில் இருக்கும் பொடியின் எடையை மட்டும் போட்டு வகுத்துவிடுவார்கள். தகடு, மின்பகுளி, பிரிப்பான், உறை எதுவும் கணக்கில் வராது. 2011ல் யூரி கோகோட்சி, பத்ரீஸ் சிமோன் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். சந்தைக்கு வரும் தடிமனில் செய்தால்கூட முழுக் கருவியின் எண், பொடியின் எண்ணில் மூன்றில் ஒன்று அல்லது நான்கில் ஒன்றாக இறங்கும். ஆய்வகத்தின் மெல்லிய பூச்சு என்றால் இன்னும் மோசம். செய்தித்தாளில் ‘புதிய பேட்டரி, நான்கு மடங்கு ஆற்றல்’ என்று படிக்கும்போது எதன் எடையால் வகுத்தார்கள் என்று கேட்டால், பல புரட்சிகள் அங்கேயே அடங்கிவிடும்.

எல்லாம் சரியாக அளந்து, சரியாக வகுத்து, சரியாக வரைந்த படமும் ஒரு விஷயத்தில் வாயே திறக்காது. சின்னக் காரின் ஸ்டார்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி, சுமார் பத்து கிலோ. மெதுவாக எடுத்தால் கிலோவுக்கு 40 வாட்-மணி. சாவியைத் திருப்பும் சில விநாடிகளில் 300 ஆம்பியர், கிலோவுக்கு 250 வாட்டுக்கும் மேல். வீட்டு டியூபுலர் பேட்டரியும் ஈயம்தான், அமிலம்தான். ஆனால் ரகோனி படத்தில் காரின் பேட்டரி ஆற்றலிலும் முந்துகிறது, திறனிலும் முந்துகிறது. படத்தை மட்டும் நம்பினால் இன்வெர்ட்டருக்குக் கார் பேட்டரியைத்தான் வாங்க வேண்டும். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தினமும் மின்வெட்டில் அடிவரை காலியாகி ஏறினால் கார் பேட்டரியின் மெல்லிய தகடுகளிலிருந்து பொடி உதிர்ந்து அடியில் சேரும். சில மாதங்களில் முடிந்துவிடும். டியூபுலரின் கனமான முள்தண்டுகளும், பொடியை உதிரவிடாமல் பிடித்திருக்கும் குழாய் உறைகளும், மேலே நிறைய அமிலமும் எடையைக் கூட்டி அதைப் படத்தில் கீழே இழுக்கின்றன. ஆயுளைக் கொடுப்பதும் அவையே. எத்தனை முறை ஏற்றி இறக்கலாம், விலை என்ன, தீப்பிடிக்குமா என்பதற்கெல்லாம் ரகோனி படத்தில் அச்சு இல்லை.

ரகோனி எழுதுவதற்கு இரண்டு வருடம் முன்பே இதை ஒரு கார் காட்டிவிட்டிருந்தது. 1966ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கோர்வேர் காரில் வெள்ளி-துத்தநாக பேட்டரியைப் பொருத்தி ‘எலக்ட்ரோவேர் 2’ என்று சோதனை செய்தது. ஈய-அமிலத்தைவிட ஆற்றலிலும் திறனிலும் பல படி மேலே நிற்கும் வேதியியல் அது. 115 குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டியது. ஆனால் உள்ளே இருந்தது வெள்ளி. விலை எட்டாத உயரம், ஆயுளோ சுமார் 100 மின்னேற்றம். கார் விற்பனைக்கு வரவில்லை.

முப்பது வருடம் கழித்து, 1996ல், அதே நிறுவனம் இவி1 என்ற மின்சாரக் காரை வாடிக்கையாளர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. முதல் தலைமுறை இவி1ல் இருந்தது 533 கிலோ எடையுள்ள, 16.5 கிலோவாட்-மணி ஈய-அமில பேட்டரி: கிலோவுக்கு 31 வாட்-மணி. ரகோனி படத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் கீழே இருந்த வேதியியல்தான் சாலைக்கு வந்தது.